திருவேங்கடத்தில் 384 பேரைச் சோதித்தால் போதுமா? ஹெல்த் சர்வேக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

"ஏழு கோடிப் பேருக்கு மேல இருக்குற ஸ்டேட்ல வெறும் 26 ஆயிரம் பேருக்கு ரத்தம் எடுத்துட்டு எப்படிங்க சொல்றீங்க?" கொரோனா காலத்தில் ஆன்டிபாடி சர்வே முடிவு வந்தபோதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிய கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இது தப்பான கேள்வி. மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேரைச் சோதித்தார்கள் என்பது ஒரு சர்வேயின் தரத்தைக் கிட்டத்தட்ட தீர்மானிப்பதே இல்லை.

கேட்க வேண்டியவை வேறு இரண்டு. சர்வேயைத் தொடங்கும் முன் "இந்த நோய் இவ்வளவு பேருக்கு இருக்கும்" என்று எவ்வளவை எதிர்பார்த்தார்கள்? வரப்போகும் முடிவு எவ்வளவு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்தார்கள்? முதலாவது எதிர்பார்க்கும் விகிதம். இரண்டாவது பிழை வரம்பு, அதாவது மார்ஜின் ஆஃப் எரர். இந்த இரண்டையும் சொல்லாமல் "400 பேரிடம் ஆய்வு நடத்தப்பட்டது" என்று மட்டும் வரும் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு சோறு எப்போது பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்ம ஊர் புள்ளியியல். பானை பெரிசா சின்னதா என்பது அதில் விஷயமே இல்லை. வீட்டுக் குக்கராக இருந்தாலும் கல்யாண வீட்டு அண்டாவாக இருந்தாலும் எடுத்துப் பார்ப்பது நாலு பருக்கைதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஆனால் அதே அரிசியில் கல் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால்? நாலு பருக்கையில் கல் இல்லை என்றால் மூட்டையிலேயே கல் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முறத்தில் போட்டுப் புடைத்துத்தான் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு இருக்கும் பிரச்சினையை அளப்பதும், ஆயிரத்தில் மூன்று பேருக்கு இருக்கும் பிரச்சினையை அளப்பதும் இவ்வளவு வித்தியாசமான வேலைகள். சாம்பிள் கணக்கில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

திருவேங்கடத்துக்கு ஒரு கணக்கு

தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடத்தை எடுத்துக்கொள்வோம். (பெயரைப் பார்த்ததும் திருப்பதி மலைக்குப் போய்விட வேண்டாம். இது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கரிசல் பூமி.) இந்தத் தாலுகாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஹெல்த் டீம் விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனை சர்வேதான். ஆனால் தேவை கற்பனை இல்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வோ 2017 மார்ச் 31 நிலவரப்படி இருந்த 707 மாவட்டங்களுக்குத்தான் தனித்தனி முடிவு தந்தது. ஆகவே அதில் தென்காசி என்று ஒரு பக்கமே கிடையாது, திருநெல்வேலிக்குள் கரைந்துபோயிருக்கிறது. மாவட்டத்துக்கே அப்படி என்றால் தாலுகாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்த ஆய்வில் தமிழ்நாடு முழுவதற்கும் கிடைத்த எண் 53.4 சதவீதம். அதாவது இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. திருவேங்கடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. வரும் முடிவு 5 சதவீதப் புள்ளிகள் மேலேயோ கீழேயோ இருந்தால் பரவாயில்லை என்று டீம் முடிவு செய்கிறது. இப்போது ஃபார்முலா:

```
n = 1.96² × p × (1 − p) / d²
```

இதில் p என்பது எதிர்பார்க்கும் விகிதம், 0.534. d என்பது பிழை வரம்பு, 0.05. அந்த 1.96 எங்கிருந்து வந்தது? இதே சர்வேயை இதே முறையில் நூறு முறை நடத்தினால், ஏறக்குறைய 95 முறை உண்மையான விகிதம் நாம் சொல்லும் வரம்புக்குள் விழ வேண்டும் என்று கேட்பதன் விலை அது.

போட்டுப் பார்ப்போம். 1.96-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 3.84. p-யையும் அதன் மிச்சத்தையும், அதாவது 0.534-ஐயும் 0.466-ஐயும் பெருக்கினால் 0.249. இந்த இரண்டையும் பெருக்கினால் 0.956. அதை 0.05-ன் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 382-க்குச் சற்று மேல். பாதி ஆள் கிடையாதே, அதனால் 383 பெண்கள்.

கவனித்தீர்களா? திருவேங்கடம் தாலுகாவில் மொத்தம் எத்தனை பெண்கள் என்ற எண் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அதைச் சேர்க்க ஒரு திருத்தம் உண்டு. ஆனால் ஊர் ரொம்பச் சின்னதாக இருந்தால்தான் அதனால் பிரயோஜனம். ஒரு லட்சம் பெண்கள் என்றால் 383 என்பது 381 ஆகும். பத்தாயிரம் பெண்கள் என்றால் 369. ஆயிரம் பேர் மட்டுமே இருக்கும் ஊரில்தான் அது 277 வரை இறங்கும். "மொத்த ஜனத்தொகையில் 10 சதவீதம் எடுத்தால் போதும்" என்று பல கல்லூரி புராஜெக்ட்களில் வரும் வாக்கியத்துக்கு இந்தக் கணக்கில் எந்த ஆதாரமும் இல்லை.

காசை உண்மையில் தின்பது d தான். 5 சதவீதப் புள்ளி வேண்டாம், 2.5-க்குள் வேண்டும் என்று யாராவது மீட்டிங்கில் சுலபமாகச் சொல்லிவிடலாம். பிழை பாதியானால் சாம்பிள் நாலு மடங்காகும். 383 போய் 1,530 வந்து நிற்கும். நாலு மடங்கு செவிலியர், நாலு மடங்கு நாள், நாலு மடங்கு டீசல்.

384 என்ற மந்திர எண்

கிட்டத்தட்ட இதே அளவு எண் ஒன்று நாடு முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. p பற்றி எதுவும் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஏனென்றால் p × (1 − p) அங்கேதான் உச்சத்தில் இருக்கும். d-க்கு 5 சதவீதம் போட்டால் விடை 384. ஓபன்எபி மாதிரியான இலவச ஆன்லைன் கால்குலேட்டரைத் திறந்தாலே 50-ம் 5-ம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு நிற்கும். பட்டனை அழுத்தினால் போதும். 1970-ல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட பிரபலமான அட்டவணையிலும் பத்து லட்சம் பேருக்கு எதிரே இருப்பது இதே 384 தான்.

ரத்தசோகை மாதிரி பாதிப் பேருக்கு இருக்கும் விஷயத்துக்கு இந்த எண் பொருந்தும். சிக்கல், இதே எண்ணைத் தூக்கிக்கொண்டு காசநோய்க்குப் போகும்போதுதான்.

2019-21 தேசிய காசநோய் பரவல் ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்குப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் இருந்தது. சதவீதத்தில் சொன்னால் 0.316. இதே விகிதம் திருவேங்கடத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டு 383 பேரைச் சோதித்தால் சராசரியாக எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். ஒருவர்கூடக் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம். அப்படி நடந்தால் அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? "திருவேங்கடத்தில் காசநோய் இல்லை". பத்து முறை சர்வே நடத்தினால் மூன்று முறை இந்தப் பொய் நல்ல நம்பிக்கையோடு எழுதப்படும்.

இன்னும் வேடிக்கை, ஃபார்முலாவில் p-க்கு உண்மையான 0.00316-ஐப் போட்டு, d-யை மட்டும் பழக்கதோஷத்தில் 0.05 என்றே விட்டுவிட்டால் நடப்பது. விடை: 5 பேர். ஆமாம், ஐந்தே ஐந்து பேர் போதும் என்கிறது கணக்கு. ஃபார்முலா பொய் சொல்லவில்லை. "0.3 சதவீதம், 5 கூடவோ குறையவோ இருந்தால் பரவாயில்லை" என்று நீங்கள் கேட்டீர்கள், அதாவது மைனஸ் 4.7-ல் இருந்து பிளஸ் 5.3 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று. அந்தப் பதிலை ஒருவரைக்கூடச் சோதிக்காமலே சொல்லிவிடலாம்.

அரிதான நோய்க்குப் பிழை வரம்பை p-யின் பங்காகத்தான் சொல்ல வேண்டும். எதிர்பார்க்கும் விகிதத்தில் 20 சதவீதம் முன்னே பின்னே, அதாவது ஐந்தில் ஒரு பங்கு என்பது ஆய்வாளர்கள் அடிக்கடி எடுக்கும் அளவு. அப்படிக் கேட்டால் மேலே சொன்ன காசநோய் சர்வேக்குத் தேவை ஏறக்குறைய 30,300 பேர். 383 எங்கே, 30,300 எங்கே!

இதை மனக்கணக்காகவே போட ஒரு வழி இருக்கிறது. அரிதான நோயை 20 சதவீதப் பங்குப் பிழையோடு அளக்க வேண்டுமானால், சர்வேயில் கிட்டத்தட்ட 100 நோயாளிகள் சிக்கும் அளவுக்கு ஆட்களைச் சோதிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் 96. நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கும் நோய் என்றால் பத்தாயிரம் பேர். ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் ஒரு லட்சம் பேர்.

2020 மே மாதம் சென்னையில் போட்ட கணக்கு

இந்த முறையில் உண்மையிலேயே நடந்த ஒரு சர்வே நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், நாட்டின் முதல் கொரோனா ஆன்டிபாடி சர்வேயை நடத்தியது. அதை முன்நின்று நடத்தியது சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அப்போது டாக்டர் மனோஜ் முர்ஹேகர் அதன் இயக்குநர். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள் தேர்வாயின.

எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் p-க்கு ஏதாவது ஒரு எண் வைத்துத்தான் ஆக வேண்டும். 1 சதவீதம் என்று வைத்தார்கள். பிழை வரம்பை அதில் 20 சதவீதம் என்று வைத்தார்கள், அதாவது 0.8-லிருந்து 1.2 சதவீதத்துக்குள். இதை ஃபார்முலாவில் போட்டால் 9,508 பேர் வருகிறது. ஆனால் திட்டத்தில் இருந்த எண் 24,000. மீதி எங்கிருந்து வந்தது?

பத்தாயிரம் பேரை நாடு முழுக்க ஒவ்வொருவராகச் சிதறலாகத் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுக்க முடியாது. ஒரு மாவட்டத்துக்கு 10 ஊர் அல்லது வார்டு, ஒவ்வொன்றிலும் 40 பேர் என்று கொத்துக் கொத்தாகத்தான் எடுக்க முடியும். இந்தக் கொத்துக்குப் பெயர் கிளஸ்டர். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே கடைக்குப் போவார்கள், ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள், ஒரே கோயில் கொடையில் கூடுவார்கள். ஒருவருக்குத் தொற்று என்றால் பக்கத்து வீட்டுக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். அதனால் அந்தத் தெருவில் நாற்பதாவது ஆள் சொல்லும் செய்தியில் பாதியை முதல் இருபது பேரே சொல்லி முடித்திருப்பார்கள். இந்த நஷ்டத்தை ஈடுகட்டச் சாம்பிளை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும் என்பதுதான் டிசைன் எஃபெக்ட். ஐசிஎம்ஆர் அதை 2.5 என்று வைத்தது. 9,508-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 23,770. ரவுண்டு செய்தால் 24,000. அறுபது மாவட்டம், மாவட்டத்துக்கு 400. கடைசியில் தொற்று அதிகமிருந்த பத்து நகரப் பகுதிகளையும் சேர்த்து 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு: 0.73 சதவீதம். வரம்பு 0.34-லிருந்து 1.13 வரை. எதிர்பார்த்த 1 சதவீதத்துக்கு அருகிலேயே விழுந்தது என்பது p-யை நன்றாக ஊகித்ததற்கு அடையாளம். ஆனால் வரம்பைப் பாருங்கள். திட்டமிட்டது 0.2 முன்னே பின்னே. கிடைத்தது 0.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். சாம்பிள் கணக்கு என்பது சர்வேக்கு முன்னால் போடும் பட்ஜெட் மாதிரி. களத்தில் தொற்று சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தால், டெஸ்ட்டின் குறைபாட்டுக்கும் சேர்த்துத் திருத்தம் போட்டால், வரம்பு விரிந்துவிடும். அப்படி விரிந்ததை மறைக்காமல் 0.34-ஐயும் 1.13-ஐயும் சேர்த்தே வெளியிட்டதுதான் இதில் பாராட்ட வேண்டிய விஷயம்.

"எங்க மாவட்டத்துக்கு எவ்வளவு?"

திருவண்ணாமலையில் 400 பேரைச் சோதித்தார்களே, அந்த மாவட்டத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்ல முடியாது. ஒரு சதவீதம் என்ற எதிர்பார்ப்பில் 400 பேரில் நாலு பேர்தான் பாசிட்டிவ் ஆவார்கள். டிசைன் எஃபெக்டையும் சேர்த்தால் பிழை வரம்பு 1.5 சதவீதப் புள்ளி. அளக்கும் பொருளை விட அளவுகோலின் பிழை பெரிசு. அந்த 400 என்பது நாடு என்ற பெரிய தொகைக்குப் போட்ட ஒரு தவணை. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்து மாவட்டத்தின் நிலவரம் என்று சொல்வது கணக்கை அவமதிப்பது.

அதே வருடம் அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை நடத்திய சர்வேயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 888 கிளஸ்டர், ஒவ்வொன்றிலும் 30 பேர் என்பது திட்டம், மொத்தம் 26,640. ஐசிஎம்ஆர் எடுத்த 28,000-க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் இது இந்தியா முழுமைக்கும் அல்ல, ஒரே மாநிலத்தின் 37 மாவட்டங்களுக்கு. சராசரியாக மாவட்டத்துக்கு 720 பேர். அதற்குள் முதல் அலை ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது. மாநிலத்துக்கு வந்த எண் 31.5 சதவீதம்.

p ஒன்றிலிருந்து முப்பதுக்குத் தாவியதும் எல்லாம் மாறிவிடுகிறது. 30 சதவீதம் இருக்கும் ஒன்றை 720 பேரிடம் அளந்தால், டிசைன் எஃபெக்ட் 2 என்று வைத்துக்கொண்டாலும், பிழை 5 புள்ளிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் நீலகிரியில் 11 சதவீதம், பெரம்பலூரில் 51 சதவீதம் என்று மாவட்ட வாரியாகச் சொல்ல முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் 40 புள்ளி இடைவெளியைச் சாம்பிள் பிழை என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் 30, 33 என்று வந்திருந்தால், "அங்கே கூட, இங்கே குறைவு" என்று தலைப்பு வைப்பது அபத்தம். இன்றும் மாவட்ட ரேங்க் பட்டியல்கள் அப்படித்தான் வெளியாகின்றன.

மறுபடியும் திருவேங்கடம்: 383 எப்படி 618 ஆனது?

ரத்தசோகை சர்வேயில் 383 பெண்கள் என்று நிறுத்தினோம். அது சிதறலாக எடுத்தால் மட்டும். கரிசல் காட்டில் ஊருக்கும் ஊருக்கும் தூரம் உண்டு. ஒரு செவிலியர் ஒரு நாளில் ஒரு ஊருக்குத்தான் போக முடியும். ஒரு ஊருக்குப் போனால் 30 பேரை எடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை ஒரு எண்ணால் சொல்வார்கள். அது 0.05 என்று வைத்துக்கொள்வோம். டிசைன் எஃபெக்டுக்கான ஃபார்முலாவில் m என்பது ஒரு கிளஸ்டரில் எத்தனை பேர் என்பது, r என்பது அந்த ஒத்துப்போகும் அளவு:

```
deff = 1 + (m − 1) × r
```

ஊருக்கு 30 பேர் என்றால் டிசைன் எஃபெக்ட் 2.45. தேவை 939 பெண்கள். ஊருக்கு 10 பேர் என்றால் 1.45; தேவை 556 பெண்கள்தான். வீட்டில் இல்லாதவர்கள், ஊசி என்றதும் மறுப்பவர்கள், தீப்பெட்டி வேலைக்கோ காட்டு வேலைக்கோ விடியலிலேயே போய்விட்டவர்கள் என்று பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று கணக்கு வைத்தால், 939 என்பது 1,044 ஆகும், 556 என்பது 618 ஆகும். அதாவது 30 பேர் வீதம் 35 இடம், அல்லது 10 பேர் வீதம் 62 இடம்.

எது மலிவு? ரத்தப் பரிசோதனை விலை கூடுதல் என்றால் 62 இடத்துக்கு அலைவது லாபம். வண்டி வாடகை கூடுதல் என்றால் 35 இடத்தோடு முடிப்பது லாபம். இதைப் புள்ளியியல்காரர் தீர்மானிக்க முடியாது. டீமின் கணக்குப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நல்ல சர்வே பல நேரம் இவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பிறக்கிறது.

காலையிலேயே வேலைக்குப் போய்விடும் பெண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்படிக் கூடுதலாக எடுப்பது எண்ணிக்கைக் குறைவை மட்டும்தான் சரிக்கட்டும். கிடைக்காமல் போகிறவர்கள்தான் அதிகம் உழைக்கிறவர்கள், அவர்களுக்கே ரத்தசோகை அதிகம் என்றால், பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களில் 618 பேரை எடுத்தாலும் 6,000 பேரை எடுத்தாலும் விடை ஒரே பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இதற்கு மருந்து சாம்பிளைக் கூட்டுவதில் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கதவைத் தட்டுவதில்தான் இருக்கிறது. பிழை வரம்பு என்று அச்சாகும் எண்ணில் இந்தச் சாய்வு சேர்வதே இல்லை.

டெஸ்ட்டே தப்பு சொன்னால்?

கணக்கில் வராத இன்னொன்று டெஸ்ட்டின் தரம். 2020-ல் பயன்படுத்திய கோவிட் கவச் எலைசா கிட், தொற்று வராதவர்களில் ஏறக்குறைய 98 சதவீதம் பேரைச் சரியாக "இல்லை" என்று சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆயிரம் பேரில் 10 பேருக்குத்தான் உண்மையில் தொற்று வந்து போயிருக்கிறது என்றால்? அந்தப் பத்தில் ஒன்பது பேரைக் கிட் பிடிக்கும். மீதி 990 பேரில் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 பேரைத் தப்பாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். பாசிட்டிவ் வந்த 29 பேரில் மூன்றில் இரண்டு பங்கு போலி. சர்வே 1 சதவீதத்தை 3 சதவீதம் என்று சொல்லிவிடும். அதனால்தான் ஐசிஎம்ஆர் முதல் சர்வேயில் பாசிட்டிவ் ஆன ரத்தத்தை வேறொரு கிட்டால் மறுபடி சோதித்து, பிறகும் திருத்தம் போட்டது.

ரத்தசோகையிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வின் 53.4 சதவீதம் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளந்தது. திருவேங்கடம் டீம் கையில் ஊசி போட்டு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தால் வரும் எண் வேறாக இருக்கலாம். அப்போது "மாநிலத்தை விட எங்க தாலுகா பரவாயில்லை" என்று சொன்னால், அது பெண்களின் உடம்பைப் பற்றிச் சொன்னதா ஊசியைப் பற்றிச் சொன்னதா என்றே தெரியாது. மாநில எண்ணோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால் அதே முறையில் அளக்க வேண்டும். p-யையும் அதே முறையில் வந்த ஆய்விலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு தாலுகா டீமுக்கு 618 பெண்கள் என்பது முடியாத காரியம் இல்லை. சில வாரங்களில் முடிக்கலாம். ஆனால் "கையோட காசநோயும் பார்த்துடலாமே" என்று யாராவது கேட்டால், முடியாது என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முப்பதாயிரம் பேர் வேண்டும். கிளஸ்டர் சேர்த்தால் இன்னும் மேலே போகும். அவ்வளவு பேரைச் சோதிக்க ஆளும் எக்ஸ்ரே வண்டியும் இருந்தால், சதவீதம் கண்டுபிடிக்கும் சர்வே எதற்கு? இருமல் விடாதவர்களையும், ஏற்கெனவே நோய் வந்தவர்களின் வீட்டாரையும் தேடிப்போய்ச் சோதித்து, கிடைக்கிற ஒவ்வொருவரையும் அன்றைக்கே சிகிச்சையில் சேர்த்துவிடலாம். திருவேங்கடத்தில் எத்தனை சதவீதம் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. யார் யாருக்கு மாத்திரை போக வேண்டும் என்பதைச் சொல்லும்.